நேற்று நின்ற நாற்று இன்று சாய்ந்துவிட்டதா? முதலில் அடித்தண்டைப் பாருங்கள்

மிளகாய் விதைத்த குழித்தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விதை முளைத்து, இரண்டு விதையிலைகளும் விரிந்து, தட்டு முழுக்கப் பச்சையாக நிற்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு மூலையில் நாலைந்து நாற்று மட்டும் படுத்துக் கிடக்கிறது. இலை மஞ்சளாகவில்லை, சுருளவில்லை, எதுவும் கடித்த அடையாளமும் இல்லை. பச்சையாக இருக்கிறபடியே கவிழ்ந்திருக்கிறது. வெயிலில் துவண்டுவிட்டது போல என்று நினைத்துப் பூவாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கும். அடுத்த நாள் பத்து நாற்று சாயும், அதற்கடுத்த நாள் பாதித் தட்டு போயிருக்கும்.

இதற்குப் பெயர் நாற்றழுகல் நோய். மிளகாய், தக்காளி, கத்தரி, முட்டைக்கோசு, கீரை என்று சின்ன விதையிலிருந்து மெல்லிய தண்டோடு வருகிற எதையும் இது விடாது. இலையைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் ஆரம்பத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் தண்டு மண்ணுக்குள் நுழைகிற அந்த அரை சென்டிமீட்டர்தான்.

சாய்ந்த நாற்றில் ஒன்றை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மேலே தண்டு சாதாரணத் தடிமனில் இருக்கும். மண்மட்டத்துக்கு வந்ததும் திடீரென்று ஒடுங்கி, நகத்தால் கிள்ளிவிட்ட மாதிரி மெலிந்திருக்கும். அந்த இடம் முதலில் தண்ணீர் ஊறினாற்போலக் கண்ணாடித்தனமாகவும், பிறகு பழுப்பாகவும் மாறும். தொட்டால் கொழகொழப்பு. தூக்கும்போதே அங்கே அறுந்து, வேர் மண்ணிலேயே தங்கிவிடுவதும் உண்டு. தண்டின் வெளிச்சதை அழுகிக் கரைந்துபோய் நடுவில் இருக்கிற நரம்பு மட்டும் மிஞ்சியிருப்பதால் வருகிற மெலிவு இது. சதை போனபிறகு இலையைத் தாங்க அங்கே எதுவும் இல்லை, அதனால் நாற்று மடங்கி விழுகிறது. விழுந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அந்த நரம்பு வழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். இலை பச்சையாகவே கிடப்பது அதனால்தான்.

சாய்வதெல்லாம் நாற்றழுகல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் போதாமல் துவண்ட நாற்றில் அடித்தண்டு உறுதியாக, ஒரே தடிமனாக இருக்கும், தட்டைத் தூக்கினால் காற்றாக இருக்கும், தண்ணீர் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும். வெளிச்சம் போதாமல் நெடுநெடுவென்று வளர்ந்து கனம் தாங்காமல் சாய்ந்ததில் தண்டு முழுக்கவே வெளிறி மெலிந்திருக்கும், எல்லாம் ஜன்னல் பக்கமே சாய்ந்திருக்கும், ஓர் இடத்தில் மட்டும் ஒடுக்கம் இருக்காது. வெட்டுப்புழுவோ சிள்வண்டோ வந்திருந்தால் தண்டு துண்டாக அறுபட்டிருக்கும், மேல்பாதி பக்கத்தில் கிடக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். இந்த மூன்றிலும் அழுகல் கிடையாது. மெலிவும் கொழகொழப்பும் மண்மட்டத்தில் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு வடிவமும் உண்டு, அது கண்ணுக்கே தெரியாது. விதை முளைவிட்டு மேலே வருவதற்கு முன்பே மண்ணுக்குள் அழுகிவிடும். தட்டில் அங்கங்கே காலிக்குழிதான் தெரியும், நாம் விதைக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். தட்டில் மற்றவை எழும்பி நாலைந்து நாளாகியும் காலியாகவே இருக்கிற குழியைக் கிளறிப் பாருங்கள். விதை கெட்டியாக, நசுக்கினால் உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் பொறுக்கலாம். மிளகாய் விதைக்கு அவசரமே கிடையாது, சில விதை பத்து நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் தொட்டதும் பிதுங்கி, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்தால் அது அழுகல். மேலே நிற்பதும் அதே நோயின் வாசலில்தான் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு தண்ணீரை உடனே குறையுங்கள்.

சரி, யார் இதைச் செய்வது? ஒரே ஒரு கிருமி இல்லை, ஆனால் நம் ஊர் வெக்கையில் பெரும்பாலும் பித்தியம் என்கிற ஒன்றுதான் காரணமாக இருக்கும். பார்ப்பதற்குப் பூஞ்சாணம் மாதிரி வெள்ளை இழை விட்டு வளரும், ஆனால் உண்மையான பூஞ்சாணம் கிடையாது, கடலில் இருக்கிற பழுப்புப் பாசிகளுக்குத்தான் தூரத்துச் சொந்தம். இது ஏதோ பாடப்புத்தகத் தகவல் போலத் தோன்றும், ஆனால் மருந்து வாங்கும்போது இதுதான் காசை மிச்சப்படுத்தப் போகிறது, அதற்குப் பிறகு வருகிறேன். இதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும். மண்துகள்களுக்கு இடையில் தண்ணீர் நிரம்பி நின்றால் போதும், ஒரு நாற்றின் அடியிலிருந்து அடுத்ததற்குப் போய்விடும். அந்த ஈரம் இல்லையென்றால் நீந்த வழியில்லை. 30 டிகிரிக்கு மேல் சூடும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் இதற்குக் கொண்டாட்டம்.

இரண்டாவது ஆள் ரைசோக்டோனியா. இது நிஜமான பூஞ்சாணம், நீந்தாது, இழையாகவே மண்ணின் மேல்பரப்பில் படர்ந்து போகும். இதற்கு அவ்வளவு தண்ணீர் தேங்கவும் தேவையில்லை, மிதமான ஈரமே போதும். இது தாக்கிய தண்டு கொழகொழவென்று ஆகாமல், செம்பழுப்பு நிறத்தில் உள்வாங்கிய வடுவாக, கொஞ்சம் காய்ந்தாற்போல இருக்கும். நாற்று கொஞ்சம் பெரிதான பிறகும் தாக்கும். அப்போது நாற்று விழாமல், அடியில் கம்பி மாதிரி மெலிந்த கருந்தண்டோடு வளர்ச்சி நின்று அப்படியே நிற்கும்.

இரண்டில் எது என்று வீட்டிலேயே ஓரளவு ஊகிக்கலாம். சாய்ந்த நாற்றை வேரோடு எடுத்து, ஈரமான டிஷ்யூ பேப்பர் போட்ட ஒரு மூடிபோட்ட டப்பாவில் ஒரு ராத்திரி, அதிகம் போனால் இரண்டு ராத்திரி, வையுங்கள். அடித்தண்டைச் சுற்றிப் பஞ்சு மாதிரி பொசுபொசுவென்று வெள்ளையாக வளர்ந்திருந்தால் பித்தியமாக இருக்க வாய்ப்பு அதிகம். நாற்றைத் தூக்கும்போதே மெல்லிய பழுப்பு இழையில் மண்துகள்கள் ஒட்டிக்கொண்டு ஊசலாடினால் அது ரைசோக்டோனியாவின் பழைய அடையாளம். ஆய்வகப் பரிசோதனை அளவுக்கு உறுதி இல்லைதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மருந்து வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது அந்த மிளகாய்த் தட்டுக்கே வருவோம். 98 குழித் தட்டு, அதாவது ஒரு பக்கம் 7, மறுபக்கம் 14. ஒரு மூலையில் நான்கு குழிகளில் நாற்று சாய்ந்திருக்கிறது. சாய்ந்ததை நிமிர்த்தி மண் அணைத்துக் காப்பாற்றலாமா என்றால், முடியாது. அழுகிய சதை திரும்ப வளராது. அது போனதுதான். அன்றைக்கு நாம் செய்வதெல்லாம் இன்னும் நிற்கிறவற்றுக்காகத்தான்.

முதல் வேலை, சாய்ந்த நாற்றை மட்டும் பிடுங்காமல், குழியில் நிரப்பியிருக்கிற தென்னை நார்க்கழிவையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் கிருமி அதிலும் இருக்கிறது. இரண்டாவது, நன்றாக நிற்கிற அக்கம்பக்கத்து நாற்றையும் எடுக்க வேண்டும். இங்கேதான் மனசு வராது. மூலையில் இரண்டுக்கு இரண்டாக நான்கு குழி என்றால், சுற்றிலும் இரண்டு வரிசை தள்ளி எடுத்தால் நான்குக்கு நான்காக 16 குழி போகும். 82 மிஞ்சும். அந்த 12 நல்ல நாற்றுக்காகப் பரிதாபப்பட்டால் 82-ம் ஆபத்தில் நிற்கும். அந்த 12-ல் சிலவற்றுக்கு ஏற்கெனவே கிருமி ஏறியிருக்கும், வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். எடுத்த எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழிக்குப் போக வேண்டாம். அழுகலின் தடித்த ஓடு போர்த்த வித்துகள் மண்ணில் பல வருடம் கிடக்கக்கூடியவை, வீட்டு உரக்குழி அவற்றைக் கொல்லும் அளவுக்குச் சூடாவது அபூர்வம்.

மூன்றாவது, தட்டைத் தூக்கி அடியைப் பாருங்கள். அந்த மூலை ஏன் முதலில் விழுந்தது என்பதற்குப் பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். மொட்டைமாடித் தரையில் வாட்டம் இருக்கும், தண்ணீர் அந்த மூலைக்குத்தான் ஓடி நிற்கும். டைல்ஸ் தரையில் தட்டு நேராக உட்கார்ந்திருந்தால் அடித்துளைகள் தரையோடு ஒட்டிக்கொண்டு வடிகால் அடைபட்டுவிடும். போதாததற்குத் தட்டுக்கு அடியில் நிற்கிற அந்த மெல்லிய தண்ணீர்ப் படலம் எல்லாக் குழிகளையும் இணைத்துவிடுகிறது. தனித்தனிக் குழி என்பதால் நோய் பரவாது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அது கீழ்வழியாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு செங்கல்லின் மேல் கம்பிவலையோ இரண்டு பட்டிகளோ வைத்து, அடியில் காற்று போகும்படி தட்டை ஏற்றி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு இருக்கிற பலன் எந்த மருந்துக்கும் இருக்காது என்பேன்.

அப்புறம் தண்ணீரை நிறுத்துங்கள், அடியோடு அல்ல, மேற்பரப்பு காயும்வரை. நார்க்கழிவு ஈரமாக இருந்தால் கரும்பழுப்பாக இருக்கும், காய்ந்தால் வெளிர்பழுப்பாகும், தூரத்திலிருந்தே தெரியும். காலியான குழியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலால் பிழியுங்கள். சொட்டினால் அதிகம். சொட்டாமல், பிடித்த வடிவத்தில் நின்றால் சரி. தண்ணீர் காலையில்தான் கொடுக்க வேண்டும். சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி முழுக்கத் தண்டின் அடி நனைந்தே நிற்கும். பூவாளியால் மேலிருந்து வேகமாக ஊற்றினால் அழுகிய குழியிலிருந்து தெறிக்கிற துளியே அடுத்த குழிக்குக் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மெல்லிய தெளிப்பாகக் கொடுக்கலாம், அல்லது ஆழமில்லாத தட்டில் தண்ணீர் விட்டு அதில் பத்து நிமிடம் உட்காரவைத்து எடுத்துவிடலாம். எடுக்க மறந்தால் அதுவே வினை, மிஞ்சிய தண்ணீரை அடுத்த தட்டுக்குப் பயன்படுத்துவதும் கூடாது.

மருந்து வேண்டுமா? ஒரே ஒரு மூலை, உடனே கவனித்தாகிவிட்டது என்றால் மேலே சொன்னதோடு பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்த நாளும் புதிதாகச் சாய்ந்தால் ஊற்றலாம். பல வருடமாகப் பரிந்துரையில் இருப்பது காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம். இதை இலையில் தெளிப்பதில் அர்த்தமில்லை, அடித்தண்டும் மண்ணும் நனையும்படி ஊற்ற வேண்டும், ஒரு தட்டுக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் கரைசல் போதும். தட்டு ஏற்கெனவே சொதசொதவென்று இருக்கும்போது ஊற்றக் கூடாது. மருந்துத் தண்ணீரும் தண்ணீர்தான். மேற்பரப்பு வெளிறிய பிறகு காலையில், கையுறை போட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

பித்தியம் நிஜப் பூஞ்சாணம் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் உதவும். உரக்கடையில் போய் 'நாற்று அழுகுது' என்றால் பெரும்பாலும் கார்பன்டசிம் பாக்கெட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது ரைசோக்டோனியாவுக்கு வேலை செய்யும், பித்தியத்தை ஒன்றும் செய்யாது. நேர்மாறாக மெட்டலாக்சில் பித்தியத்தைப் பிடிக்கும், ரைசோக்டோனியாவைப் பிடிக்காது. 'மருந்து ஊத்தியும் நிக்கலைங்க' என்கிற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இந்தக் குழப்பம் இருக்கும். மெட்டலாக்சிலும் மான்கோசெபும் கலந்து வருகிற தூள் கிடைக்கிறது, லிட்டருக்கு 2 கிராம் என்று ஊற்றுவார்கள். டப்பாவில் பஞ்சுமாதிரி வளர்ந்திருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம், எது என்று தெரியவில்லை என்றால் காப்பரே போதும்.

மஞ்சள்தூள், சாம்பல், பட்டைத்தூள், புளித்த மோர் எல்லாம் சொல்வார்கள். பட்டைத்தூள் தூவினால் மேற்பரப்பில் படர்கிற பூஞ்சாணம் கொஞ்சம் தயங்கலாம், ஆனால் உள்ளே ஈரத்தில் நீந்துகிறதை அது எட்டாது. சாம்பல் நார்க்கழிவில் உப்பையும் காரத்தையும் ஏற்றிவிடும், குட்டி வேருக்கு அது வேறு தொல்லை. மோர் ஊற்றுவது இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். நான் எதையும் போடமாட்டேன்.

சரி, தட்டில் மூன்று நான்கு இடத்தில் தனித்தனியாகச் சாய்ந்திருந்தால்? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால்? என் கருத்து, முழுத் தட்டையும் கொட்டிவிட்டு மறுபடி விதையுங்கள். மிளகாயில் இப்போது பத்து நாள் பின்தங்குவது, அரைகுறையாகப் பிழைத்த நாற்றைத் தோட்டத்தில் நட்டு அங்கேயும் சாகக் கொடுப்பதைவிட நல்லது.

மறுபடி விதைக்கும்போது தவறு எங்கே ஆரம்பித்தது என்று பார்த்துவிட வேண்டும். குழித்தட்டு நாற்றங்கால்களில் விதைத்ததும் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலிதீன் தாளால் மூடுவார்கள், உள்ளே வெப்பமும் ஈரமும் நின்று விதை சீராக முளைக்கும். நல்ல முறைதான். ஆனால் முளை தலைகாட்டிய அன்றே தாளை எடுத்துத் தட்டுகளைப் பிரித்துவிட வேண்டும். இன்னும் மிச்சமும் முளைக்கட்டும் என்று ஒரு நாள் கூடுதலாக விட்டால், வெளிச்சமில்லாமல் நெட்டையாகிப்போன மெல்லிய தண்டு, காற்றில்லாத ஈரம், சூடு மூன்றும் ஒரே இடத்தில் கிருமிக்குக் கிடைத்துவிடும். ஐப்பசி மழை நேரத்தில் இது இன்னும் மோசம், மேகமூட்டத்தில் தட்டு காய்வதே இல்லை, நாற்றும் மெதுவாக வளர்வதால் மென்தண்டாக இருக்கிற காலம் நீள்கிறது.

நார்க்கழிவையும் கவனியுங்கள். அழுத்திய கட்டியாக வாங்கியதை ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே நிரப்ப வேண்டும். அலசாததில் உப்பு நிற்கும். உப்பு வேர்நுனியைக் காயப்படுத்தும், காயம்பட்ட வேரில் பித்தியம் எளிதாக நுழையும். இதே காரணத்துக்காக முதல் உண்மையிலை வருகிறவரை உரக்கரைசல் எதுவும் வேண்டாம், விதையிலை பருவத்தில் நாற்று விதைக்குள் இருந்த உணவில்தான் வளர்கிறது. தோட்டத்து மண்ணையோ போன தடவை அழுகிய தட்டின் நார்க்கழிவையோ கலக்கவே கூடாது. பழைய தட்டை முதலில் சோப்புபோட்டு மண் போகத் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து அரைமணி நேரம் முக்கி வைத்து, அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். மண் ஒட்டிய தட்டை அப்படியே முக்கினால் பிளீச் மண்ணிலேயே செலவழிந்துவிடும்.

விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் கிலோவுக்கு 10 கிராம். வீட்டுக்கு வாங்குகிற பத்து கிராம் விதைக்கு ஒரு சிட்டிகைகூட அதிகம்தான், லேசாகத் தண்ணீர் தொட்டு விதைமேல் ஒட்டும்படி புரட்டி, நிழலில் வைத்து மறுநாள் விதைத்தால் போதும். இவை உயிருள்ளவை, கிருமிக்கு முன்னால் போய் வேரைச் சுற்றி இடம்பிடித்தால்தான் பயன், நாற்று சாய ஆரம்பித்த பிறகு ஊற்றினால் பெரிதாக எதுவும் நடக்காது. காப்பர் ஊற்றிய கையோடு இவற்றை ஊற்றினால் அந்தக் காசும் வீண். கம்பெனிப் பாக்கெட்டில் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசினது போல வந்தால் ஏற்கெனவே மருந்து ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், வெறுங்கையால் தொட வேண்டாம். அந்தக் காப்பு விதை முளைத்து எழுகிற வரைதான், அதை நம்பித் தண்ணீரை அள்ளி ஊற்ற முடியாது.

தட்டின்மேல் பச்சைப்பாசி படிய ஆரம்பித்தாலோ, தட்டைத் தட்டினால் குட்டிக் கருப்பு ஈக்கள் பறந்தாலோ, மேற்பரப்பு பல நாளாகக் காயவே இல்லை என்று பொருள். அந்த ஈயின் புழுக்கள் வேரைக் கடிக்கும், ஈக்கள் கிருமியையும் தூக்கிக்கொண்டு போகும். நாற்று சாயும்வரை காத்திருக்காமல் அப்போதே தண்ணீரைக் குறைத்துவிடலாம்.

உண்மையிலைகள் நான்கு வந்து தண்டு கொஞ்சம் கெட்டிப்பட்டுவிட்டால் பித்தியம் தண்டைச் சாய்ப்பது பெரும்பாலும் நின்றுவிடும். ரைசோக்டோனியா மட்டும் அப்போதும் வரும். அதனால் மிளகாயை 35, 40 நாளில் பிடுங்கி நடும்போது ஒவ்வொன்றின் அடித்தண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மண்மட்டத்தில் செம்பழுப்பு வளையமோ கம்பிபோன்ற ஒடுக்கமோ இருந்தால், மேலே இலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அதை நடாமல் தள்ளி வையுங்கள். நட்ட பிறகு முதல் பலமான காற்றில் அந்த இடத்தில்தான் ஒடியும்.